குட்டிக் கரப்பானா, பெரிய கரப்பானா என்று முதலில் பாருங்கள்

கேள்வி: கடலூரில் வாடகை வீடு. சமையலறையில் கரப்பான் தொல்லை தாங்கவில்லை, மழை வந்தால் எறும்பும் சேர்ந்துகொள்கிறது. இரண்டு வயதுக் குழந்தை இருப்பதால் மருந்து அடிக்கப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

எல்லோரும் படுத்து ஒரு மணி நேரம் கழித்து, லைட்டைப் போடாமல் டார்ச்சோடு சமையலறைக்குப் போய்ப் பாருங்கள். ஓடுவது ஒன்றரை அங்குலத்துக்குச் செம்பழுப்பாக இருந்தால், அது பெரும்பாலும் சாக்கடை வழியாக வந்தது. அரை அங்குலம்தான், வெளிர் பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு என்றால் அது உங்கள் வீட்டுக்குள்ளேயே குஞ்சு பொரிப்பது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

பெரியதற்கு வழியை அடைத்தால் போதும். சிங்க்குக்குக் கீழே வளையும் குழாய் தரையில் உள்ள ஓட்டைக்குள் சும்மா சொருகப்பட்டிருக்கும், சுற்றிலும் இடைவெளி இருக்கும். அங்கே ரப்பர் காலர் போடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளை சிமென்ட் பூசுங்கள். தரை ஜாலி ஓட்டை பெரிதாக இருந்தால் கீழே கொசுவலைத் துண்டு வையுங்கள். புழங்காத ஜாலியில் வாரம் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே நிற்கும் தண்ணீர் வற்றினால் அதுவே கரப்பானுக்கு வாசல்.

குட்டிக் கரப்பான்தான் உண்மையான தலைவலி. மஞ்சக்குப்பத்தில் என் அக்கா வீட்டில் மாதாமாதம் ஸ்ப்ரே அடிப்பார்கள். ஒரு வாரம் அமைதி, அப்புறம் பழையபடிதான். காரணம் எளிது. பெண் கரப்பான் முப்பது நாற்பது முட்டை கொண்ட பையை, பொரிக்கப்போகும் வரை தன் உடம்பிலேயே ஒட்டிச் சுமக்கிறது. ஸ்ப்ரே படாத இடுக்கில் ஒன்று தப்பினாலும் போதும்.

அக்கா வீட்டு ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திருப்பிப் பார்த்தோம். மோட்டார் பக்கம் மிளகுத்தூள் தூவியது போல எச்சம், உரித்துப் போட்ட மெல்லிய தோல்கள், ஒருவித முடை நாற்றம். அதற்கு மேலேயே தண்ணீர் தேங்கும் தட்டு. வெதுவெதுப்பும் ஈரமும் இருட்டும் ஒரே இடத்தில் இருந்தால் அவை ஏன் போகும்? மேடைக்கு அடியில் வைத்திருந்த பழைய அடுப்பு அட்டைப்பெட்டியின் மடிப்புகளிலும் இதே கதை. பெட்டியை அன்றே வெளியே போட்டோம், எச்சத்தைச் சோப்புத் தண்ணீரில் துடைத்தோம், தட்டைக் கழுவிக் காயவைத்தோம். இரவில் சிங்க்கைத் துடைத்து, ஈரத்துணியை வெளியே காயப் போடும் பழக்கமும் அப்போது வந்ததுதான். சாப்பாடு இல்லாமல் வாரக்கணக்கில் தாங்கும் கரப்பானால், தண்ணீர் இல்லாமல் அவ்வளவு நாள் தாங்க முடியாது.

அதற்குப் பிறகுதான் மருந்து. குழந்தை இருக்கும் வீட்டுக்கு நான் சொல்வது கடையில் ஊசிக் குழாயில் விற்கும் கரப்பான் ஜெல். அலமாரிக் கீலுக்குள்ளும் ஃபிரிட்ஜ் மோட்டாரை ஒட்டியும், கை போகாத இடங்களில் கடுகளவு பொட்டுகளாக வையுங்கள். மின்சாரப் பகுதிகள் மேல் படவேண்டாம். மருந்தைத் தின்ற கரப்பானின் எச்சத்தைத் தின்று குஞ்சுகளும் சாகும். அந்த நாட்களில் ஸ்ப்ரே பக்கமே போகாதீர்கள், அதன் வாடையில் ஜெல்லைத் தொடாமல் வேறு இடுக்குக்கு ஓடிவிடும். ஜெல் காய்ந்தால் புதிதாக வையுங்கள். இருக்கும் முட்டைகள் பொரிந்து தீரவேண்டும் என்பதால் இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்யவேண்டும். சிங்க்கில் அந்துருண்டை போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அதன் ஆவி குழந்தைக்கு ஆகாது, வாயில் போட்டுக்கொண்டால் ஆபத்து. பிரியாணி இலை வைத்து ஒரு கரப்பான் கூட்டமே காலியானதை நான் பார்த்ததில்லை.

எறும்பு விஷயத்தில் பலரும் வரிசையைப் பார்த்ததும் துடைத்துவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் புற்றுக்குள் தண்ணீர் புகுந்து உள்ளே வருபவை அவை. துடைத்தால் வேறு வழி பிடிக்கும். முதலில் அவை எந்த விரிசலிலிருந்து வருகின்றன என்று பின்தொடருங்கள். அரை டம்ளர் வெந்நீரில் இரண்டு டேபிள் ஸ்பூன் சர்க்கரை, கால் டீஸ்பூன் போரிக் பவுடர் கரைத்து, பஞ்சில் நனைத்து, மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில் அடைத்து, ஜன்னலுக்கு வெளியே விரிசலை ஒட்டி வையுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கிறது என்பதால் போரிக் பவுடரைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், குழந்தை விழுங்கினால் விஷம். டப்பா பக்கத்திலேயே எறும்பு செத்துக் கிடந்தால் பவுடர் அதிகம், இன்னும் தண்ணீர் சேருங்கள். புற்றுவரை சுமந்து போனால்தான் பலன். சில நாளில் வரிசை நின்றதும் சோப்புத் தண்ணீரால் துடைத்து, விரிசலை வெள்ளை சிமென்டால் அடையுங்கள். பண்ருட்டிப் பலா வாங்கும் காலத்தில் சக்கையையும் தோலையும் அன்று ராத்திரியே வெளியே கொண்டுபோய்விடுங்கள்.