இரண்டு கணினி, இரண்டு ஸோடெரோ: குறிப்பும் டேகும் தொலையாமல் ஒன்றாக்குவது எப்படி?

ஆய்வு மாணவி: அக்கா, நூல், கட்டுரை விவரங்களைச் சேர்த்துவைக்கும் ஸோடெரோ மென்பொருளைத்தான் இரண்டு கணினியிலும் வைத்திருக்கிறேன். துறைக் கணினியில் 630 பதிவுகள், வீட்டு லேப்டாப்பில் 412. இரண்டிலும் தனித்தனியாகக் குறிப்பு எழுதியிருக்கிறேன். zotero.sqlite கோப்பை இதிலிருந்து அதற்குக் காப்பி செய்தால் சேர்ந்துவிடுமா?

சேராது. அந்த ஒரே கோப்பில்தான் உன் பதிவு, குறிப்பு, டேக் எல்லாம் இருக்கின்றன. ஒன்றின் மேல் இன்னொன்றைப் போட்டால் அடியில் இருந்தது போய்விடும். அதைத் தொடாதே.

முதலில் ஒன்றைப் பார்த்துச் சொல். இரண்டு கணினியிலும் உள்ள ஏதாவது ஒரு கட்டுரையின் பிடிஎஃப் மேல் வலது சொடுக்கு செய்து Show File கொடு. storage என்ற ஃபோல்டருக்குள், எட்டு எழுத்துப் பெயர் கொண்ட ஒரு சின்ன ஃபோல்டர் திறக்கும். XK4T7Q2M என்பது மாதிரி இருக்கும். அந்தப் பெயர் இரண்டு கணினியிலும் ஒன்றா, வேறா? ஐந்தாறு கட்டுரைகளில் பார். பெயர்கள் வேறு என்றால் இரண்டும் தனித்தனியாகப் பிறந்த நூலகங்கள். ஒன்றே என்றால், என்றோ ஒருநாள் ஒன்றைக் காப்பி எடுத்து இன்னொன்றை உண்டாக்கியிருக்கிறாய். அடுத்து என்ன செய்வது என்பது இதைப் பொறுத்ததுதான்.

ஒரு நண்பர்: இவ்வளவு எதற்கு? நான் BibTeX என்ற நூற்பட்டியல் கோப்பு வடிவில் Export செய்து மறு கணினியில் Import செய்தேன். எல்லாம் வந்துவிட்டது.

நூல் விவரம் வந்திருக்கும், அதுவரை சரி. ஆனால் BibTeX-இல் கலெக்‌ஷன் அமைப்பு வராது. குறிப்பில் போட்ட தடித்த எழுத்து, இணைப்பு இவையும் அப்படியே வருவதில்லை. ஒரு குறிப்பைத் திறந்து பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏற்றுமதிதான் ஒரே வழி என்றால் Zotero RDF எடுத்து, Export Notes, Export Files இரண்டையும் டிக் செய்யுங்கள். கலெக்‌ஷன், டேக், குறிப்பு மூன்றும் வரும். ஆனாலும் இறக்குமதியாகும் ஒவ்வொரு பதிவும் புதுப் பதிவாகவே பிறக்கும். வேர்டில் ஏற்கெனவே மேற்கோள் போட்டிருந்தால் அது பழைய பதிவைத்தான் தேடும். புதியதை அதற்குத் தெரியாது. அதனால்தான் நான் இதைக் கடைசி வழியாக வைத்திருக்கிறேன்.

மாணவி: பார்த்தேன் அக்கா, ஆறிலும் பெயர் வேறு வேறு. அடுத்து?

நல்லது, இதுதான் எளிய வகை. இரண்டு கணினியிலும் ஸோடெரோவை மூடிவிட்டு, Zotero ஃபோல்டர் முழுவதையும் வெளி டிஸ்க்கில் காப்பி எடு. மூடாமல் எடுத்த காப்பியை நம்ப முடியாது. இரண்டிலும் ஒரே பதிப்பு ஸோடெரோ இருக்கட்டும்.

பிறகு துறைக் கணினியில் உன் ஸோடெரோ கணக்கைப் போட்டு ஸிங்க் செய். முழுவதும் முடிந்ததும் லேப்டாப்பில் அதே கணக்கைப் போட்டு ஸிங்க் செய். பெயர்கள் மோதாததால் இரண்டும் அப்படியே கூடும். 1,042 பதிவுகள் தெரியும். இரண்டிலும் இருந்த நூல்கள் இரட்டையாக நிற்கும். அதைக் கண்டு பயப்படாதே.

பிடிஎஃப்களுக்கு இலவச இடம் 300 எம்பிதான். ஆனால் பதிவு, குறிப்பு, டேக் இவற்றுக்கு அந்த எல்லை கிடையாது. ஸோடெரோவுக்குள்ளேயே பிடிஎஃப்பில் போட்ட மஞ்சள் கோடும் தரவுத்தளத்தில் இருப்பதால் அதுவும் இவற்றோடு ஸிங்க் ஆகிவிடும். மேலேறாத பிடிஎஃப்களை நீயே கொண்டுபோகலாம். ஸோடெரோவை மூடி, லேப்டாப்பின் storage-க்குள் இருக்கும் எட்டெழுத்து ஃபோல்டர்களைத் துறைக் கணினியின் storage-க்குள் போடு. அங்கிருப்பதை இங்கேயும் அதே மாதிரி. பெயர்கள் வேறு என்பதால் எதுவும் எதையும் அழிக்காது.

அப்புறம் இடப்பக்கம் Duplicate Items. ஒரு பதிவைத் தொட்டால் அதன் இரட்டையும் சேர்ந்து தேர்வாகும். எதை முதன்மையாக வைப்பது என்று வலப்பக்கம் கேட்கும். துறைக் கணினியின் பதிவில் பக்க எண் இருக்கிறது, லேப்டாப்பினதில் இல்லை என்றால் முன்னதைத் தேர்ந்தெடுத்து Merge கொடு. லேப்டாப் பதிவின் கீழிருந்த மூன்று குறிப்புகள் இதன் கீழ் வந்து சேரும். அங்கே "உரைமரபு", இங்கே "பாடவேறுபாடு" என்று டேக் இருந்தால் இரண்டும் இருக்கும். நீ தேர்ந்தெடுப்பது தலைப்பு, ஆண்டு போன்ற விவரங்களை மட்டும்தான்.

நம் துறைக்கு ஒரு எச்சரிக்கை. பழைய தமிழ் நூல்களுக்கு டிஓஐ என்ற தனி அடையாள எண் கிடையாது. ஒரு பதிவில் "சாமிநாதையர்", இன்னொன்றில் "சாமிநாத ஐயர்" என்று நீயே தட்டியிருந்தால் இரட்டைப் பட்டியலில் வராமல் போகலாம். தலைப்பு வாரியாக வரிசைப்படுத்திக் கண்ணால் பார். இரண்டையும் Ctrl அழுத்தித் தேர்ந்து, வலது சொடுக்கில் Merge Items கொடு. ஒன்று Book, மற்றது Book Section என்றிருந்தால் சேராது. முதலில் வகையை ஒன்றாக்கு. ஆனால் 1894-இல் வந்த புறநானூற்றுப் பதிப்பையும் அதன் பிந்தைய பதிப்பையும் சேர்த்துவிடாதே. பக்க எண்கள் வேறு; உன் அடிக்குறிப்புகள் எல்லாம் தவறாகிவிடும்.

பேராசிரியர் ஒருவர்: என்னுடையது காப்பி எடுத்தது. ஃபோல்டர் பெயர்கள் ஒன்றாகவே உள்ளன. ஆறு மாதமாக இரண்டிலும் வேலை செய்திருக்கிறேன்.

உங்களுக்கு இரட்டை வராது, ஐயா. மோதல்தான் வரும். இரண்டாவது கணினியில் ஸிங்க் செய்யும்போது, விவரம் மாறியிருக்கும் பதிவுகளுக்கு ஒரு சன்னல் திறந்து, இது வேண்டுமா அது வேண்டுமா என்று கேட்கும். டேகும் கலெக்‌ஷனும் பெரும்பாலும் தாமாகவே கூடிவிடுகின்றன. இழப்பு வருவது ஒரே குறிப்பை இரண்டு இடத்திலும் திருத்தியிருந்தால்தான். சன்னலில் ஒரு வடிவத்தைத்தான் வைத்துக்கொள்ள முடியும், இரண்டையும் தைத்துத் தராது. ஸிங்க் செய்யும் முன் லேப்டாப்பில் குறிப்புகளை Date Modified வாரியாகப் பார்த்து, காப்பி எடுத்த நாளுக்குப் பின் திருத்தியவற்றைத் தனிக் கோப்பில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். இதற்குச் சுருக்கு வழி எனக்குக் கிடைத்ததில்லை.

இன்னொருவர்: Merge செய்தால் வேர்டில் உள்ள மேற்கோள்கள் உடைந்துவிடாதா? மேற்கோள் வடிவம் மாறுமா?

வடிவத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. உடையவும் உடையாது. எந்தப் பதிவு எதில் சேர்ந்தது என்பதை ஸோடெரோ நினைவில் வைத்திருக்கும். ஆனால் ஒன்றை Merge செய்யாமல் Delete அழுத்தி நீக்கினால் அந்தத் தொடர்பு இருக்காது. அதன் கீழிருந்த குறிப்புகளும் கூடவே Trash-க்குப் போகும்.

ஒரு ஆசிரியர்: என் இரண்டு கணினியிலும் வேறு வேறு கணக்கு. ஒன்றை மாற்றிவிடலாமா?

நேரடியாக மாற்றாதீர்கள். வேறு கணக்கைப் போட்டால் அந்தக் கணினியில் உள்ள பழைய தரவை நீக்கப் போவதாக எச்சரிக்கை வரும். ஒரு குழு நூலகம் தொடங்கி இரண்டு கணக்கையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து குழுவுக்கும், குழுவிலிருந்து மற்றதற்கும் பதிவுகளை இழுத்து விடலாம். அதற்கு முன் Settings-இல் நூலகங்களுக்கிடையே காப்பி செய்யும்போது குறிப்பு, டேக், கோப்பு எல்லாம் சேர வேண்டும் என்று டிக் இருக்கிறதா பாருங்கள். இதில் பதிவுகள் புதிதாகப் பிறக்கும், அதனால் வேர்டு சிக்கல் இங்கே உண்டு.

மாணவி: முடித்துவிட்டேன் அக்கா. Advanced Search-இல் Item Type, is, Note என்று தேடினால் 281 வருகிறது. முன்பு 188-உம் 95-உம் இருந்தன. இரண்டு குறைகிறதே?

Merge குறிப்பை விழுங்காது. எங்கோ Delete அழுத்தியிருக்கிறாய். Trash-ஐத் திற. 30 நாள் ஆனால் தானாகக் காலியாகிவிடும், இன்றே பார்.

மாணவி: ஒன்று Trash-இல் கிடைத்தது, Restore செய்துவிட்டேன். இன்னொன்று இல்லை.

அப்படியானால் Sync automatically டிக்கை எடுத்துவிட்டு, வெளி டிஸ்க்கின் காப்பியை இன்னொரு காப்பி எடுத்து, Settings-இல் Advanced பக்கத்தில் Data Directory Location-ஐ அதற்குத் திருப்பு. பழைய நூலகம் திறக்கும். 95 உள்ள பக்கத்திலிருந்து தொடங்கு, சிறியது. குறிப்பு கிடைத்தால் எழுத்தைக் காப்பி செய்துகொண்டு இடத்தைப் பழையபடி மாற்று. ஸிங்க் டிக்கைக் கடைசியில் போடு.