மேக்கா, டூவா, டேக்கா? சுங்கை சிப்புட்டில் ஒரு கேள்வி பதில்

ஐந்தாம் ஆண்டு மாணவனின் அம்மா: சார், பையன் “ஐ மேட் மை ஹோம்வொர்க்” என்று எழுதினான். டீச்சர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். தமிழில் எல்லாமே ‘செய்’தானே?

தமிழில் மட்டும் இல்லைம்மா, மலாயிலும் அப்படித்தான். ‘புவாட் கெபுத்துசான்’ என்றாலும் ‘புவாட் கெர்ஜா ருமா’ என்றாலும் அதே ‘புவாட்’. வீட்டிலும் வெளியிலும் ஒரே சொல்லைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் அது இரண்டாகப் பிரிவது எப்படித் தெரியும்?

அவனிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: நீ உட்கார்வதற்கு முன்னாடியே அந்த ஹோம்வொர்க் இருந்ததா? இருந்தது, டீச்சர் கொடுத்தனுப்பியது. ஏற்கெனவே காத்திருக்கும் வேலையை முடித்தால் ‘டூ’. தொட்டியில் பாத்திரம் கிடக்கிறது, அதைக் கழுவுவதும் ‘டூ த டிஷஸ்’. முன்பு இல்லாத ஒன்று நம்மால் உண்டானால் ‘மேக்’. காலையில் இல்லாத தப்பு மத்தியானம் கணக்கில் வந்துவிட்டதென்றால் ‘மேக் எ மிஸ்டேக்’. முடிவு, வாக்குறுதி, சத்தம் எல்லாம் இந்தப் பக்கம்.

டியூஷன் எடுக்கும் ஒருவர்: கையால் செய்வது மேக், மற்றதெல்லாம் டூ. நான் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன். சரிதானே சார்?

கேக், டீ வரைக்கும் சரி. டிசிஷனைக் கையாலா செய்கிறோம்? சட்டைக்கு இஸ்திரி போடுவது கைவேலைதான், ஆனால் அது ‘டூ த அயர்னிங்’.

நான் இப்போது சொன்ன சோதனையும் எல்லா இடத்திலும் நிற்காது. ‘மேக் த பெட்’ என்கிறார்கள், படுக்கை முன்பே அங்கேதான் இருக்கிறது. ‘டூ டேமேஜ்’ என்கிறார்கள், சேதம் முன்பு இல்லை. படத்துக்கு மேக்கும் இல்லை டூவும் இல்லை, ‘டேக் எ ஃபோட்டோ’.

நம் மொழியையே பாருங்களேன். அரிசி களைகிறோம், துணி துவைக்கிறோம், பாத்திரம் கழுவுகிறோம், பல் விளக்குகிறோம். எல்லாம் தண்ணீர் வைத்துச் செய்யும் வேலைதான். “அரிசி துவைத்தேன்” என்று ஒருத்தர் சொன்னால் விதி தேடாமலே சிரித்துவிடுவோம். எந்த வினை வரும் என்பதைக் கூடவே நிற்கும் பெயர்ச்சொல்தான் முடிவு செய்கிறது. அதனால் பிள்ளைகள் நோட்டில் ‘டிசிஷன்’ என்று தனியாக எழுத வேண்டாம், ‘மேக் எ டிசிஷன்’ என்று மூன்றையும் சேர்த்தே எழுதட்டும்.

தோட்டத்து கிராணி: கடிதத்தில் ‘டேக் எ டிசிஷன்’ என்று போட்டேன். புது அசிஸ்டன்ட் மேனேஜர் ‘மேக்’ என்று திருத்தினார். முப்பது வருஷ சர்வீஸ் எனக்கு. யார் சரி?

நீங்கள் எழுதியது தப்பில்லை. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இரண்டும் உண்டு, அமெரிக்கர்கள்தான் பெரும்பாலும் ‘மேக்’ என்பார்கள். ஆனால் கோபித்துக்கொள்ளாமல் ஒன்று யோசியுங்கள். அந்த ‘டேக்’ பழைய கடிதங்களைப் பார்த்து வந்ததா, ‘முடிவெடு’ என்ற தமிழிலிருந்து வந்ததா? தமிழிலிருந்து வந்தது என்றால், அடுத்த கடிதத்தில் ‘டேக் எ சாய்ஸ்’ என்று எழுதிவிடுவீர்கள். அங்கே ‘மேக்’ மட்டும்தான்.

எஸ்பிஎம் பிள்ளைகளிடம் நான் ‘மேக்’ என்றே எழுதச் சொல்வேன். ‘டேக்’ போட்டால் திருத்துபவர் மார்க்கைக் குறைக்கலாமா என்பதில் ஆசிரியர்களுக்குள்ளேயே இன்னும் சண்டைதான்.

செம்பனை ஆலையில் வேலை தேடும் இளைஞர்: “ஐ ஹோப் டு டேக் எ சான்ஸ் இன் யுவர் கம்பெனி” என்று மனுவில் எழுதினேன். பதிலே வரவில்லை.

பதில் வராததற்கு வேறு காரணமும் இருக்கலாம் தம்பி. ஆனால் வாக்கியம் நீங்கள் நினைத்ததைச் சொல்லவில்லை. வானம் கறுத்திருக்கிறது. மழை வந்தால் கோப்பையில் இறங்கிய பாலெல்லாம் வீண். தெரிந்தும் “போய்ப் பார்ப்போம்” என்று கத்தியை எடுத்துக்கொண்டு பால் மரம் வெட்டப் போகிறார்களே, அதுதான் ‘டேக் எ சான்ஸ்’. நஷ்டம் வரலாம் என்று தெரிந்தே துணிவது. உங்கள் மனுவைப் படித்தவருக்கு, “உங்கள் கம்பெனி எப்படியோ, வந்துதான் பார்க்கிறேன்” என்று கேட்டிருக்கும்!

மலாயில் ‘அம்பில் பெலுவாங்’ என்றால் வாய்ப்பைப் பயன்படுத்துவது. அதற்கு ஆங்கிலத்தில் ‘டேக் த சான்ஸ் டு’ என்று வரும், ‘எ’ போய் ‘த’ வருகிறது பாருங்கள். அதுவும் வாய்ப்பு கையில் வந்த பிறகுதான். நீங்கள் இன்னும் கேட்கும் நிலையில் இருக்கிறீர்கள், அதனால் “ஐ வுட் பி கிரேட்ஃபுல் ஃபார் எ சான்ஸ் டு வொர்க் வித் யூ” என்று எழுதுங்கள்.

பின் வரிசைப் பெரியவர்: நானும் வாராவாரம் நாலு நம்பர் எடுக்கிறேன். அது?

இலக்கணப்படி மிகச் சரி ஐயா. வீட்டில் அம்மாவுக்குத் தெரியுமா?

படிவம் மூன்று மாணவி: அப்போ ‘ஓப்பன் த லைட்’?

‘புக்கா லம்பு’வின் நேர் பெயர்ப்பு அது. கட்டுரையில் ‘டர்ன் ஆன்’ என்று எழுதும்மா. வீட்டில் நானே ‘ஓப்பன்’தான் சொல்கிறேன், லைட்டும் எரிகிறது.