கிளாட்: சட்டம் தெரிந்தவரே சிக்கும் விடை

"சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான கிளாட்டின் சட்டப் பத்திகளில் இரண்டு விடைகள் சரி மாதிரி தெரிகின்றன. எதை வைத்து முடிவு செய்வது?"

பத்தியில் இருக்கும் விதியை வைத்து மட்டும்தான். ஒரு மாதிரியைப் பார்ப்போம். பத்தி சொல்லும் விதி இது: ஆபத்தான பொருளை ஒருவர் தன் நிலத்தில் வைத்திருந்து, அது நிலத்தைவிட்டு வெளியேறிச் சேதம் செய்தால், அவர் கவனமாக இருந்திருந்தாலும் பொறுப்பு. (இங்கிலாந்தின் 1868 ரைலண்ட்ஸ் வழக்கு தந்த விதி.)

சம்பவம்: வெடிமருந்து ஆலைக்குள் குண்டு வெடித்து, அங்கேயே நின்ற ஆய்வாளர் காயமடைகிறார். ஆலை பொறுப்பா?

அ) ஆம், அபாயகரத் தொழிலுக்கு விதிவிலக்கே இல்லை.
ஆ) இல்லை, ஆலை கவனமாக இருந்தது.
இ) இல்லை, எதுவும் வளாகத்தைத் தாண்டவில்லை.

சட்டம் படித்தவர் 'அ'வில் விழுவார். 1986இல் எம்.சி. மேத்தா வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான். ஆனால் பத்தியில் அது இல்லையே! 'ஆ' இன்னும் நுட்பமான பொறி. முடிவு சரி, காரணம் தப்பு. கவனம் செல்லாது என்று விதியே சொல்லிவிட்டது. 'இ'தான் விடை. 1946இல் ரீட் எதிர் லயன்ஸ் வழக்கில் ஏறக்குறைய இதே சம்பவத்துக்கு இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை இப்படித்தான் தீர்ப்பளித்தது.

நான் முதலில் விடையின் காரணப் பாதியைத்தான் படிப்பேன். அந்தக் காரணம் பத்தியில் எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைக்க முடியாவிட்டால், அதை அடித்துவிடுவேன். தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் வேறு போகும்.