குரல் ஏன் மூன்று மணிக்கே போய்விடுகிறது?

அன்புள்ள அண்ணை,
நான் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு ஒவ்வொரு வருசமும் மைக் என் கையில்தான். ஒரு மணிக்குத் தொடங்கினால் மூன்று மணிக்கெல்லாம் குரல் கரகரத்து, பரிசளிப்பு நேரம் காற்றுத்தான் வருகிறது. சுடுதண்ணி, இஞ்சி, கற்கண்டு எல்லாம் பார்த்துவிட்டேன். இடையில் கரண்ட் போனால் கத்தத்தான் வேண்டும். என்ன செய்யலாம்?
— ஒரு ஆசிரியை

வணக்கம் ரீச்சர்,

கற்கண்டை ஒரு பக்கம் வையுங்கோ. முதலில் உங்கள் மைதானத்தில் ஸ்பீக்கர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் புனல் ஸ்பீக்கர்கள் பார்வையாளர் பக்கம் திரும்பியிருக்கும், அறிவிப்பாளர் அவற்றுக்குப் பின்னால் இருப்பார். அப்போது உங்கள் குரல் உங்களுக்கே கேட்காது. பக்கத்தில் பாண்ட் வாத்தியமும் பிள்ளைகளின் ஆரவாரமும் இருந்தால், நீங்கள் நினைக்காமலே குரல் உயரும். இரைச்சலுக்குள் பேசும் எவருக்கும் இது தன்னால் நடக்கும். மைதானத்தின் மறுகோடியில் 170 மீற்றர் தூரத்தில் ஒரு ஸ்பீக்கர் இருந்தால் அது இன்னொரு தொல்லை. நீங்கள் சொன்னது அரை நொடி கழித்துத் திரும்பி வந்து நாக்கைத் தடுக்கும், அதை மிஞ்சத் தொண்டையை இறுக்குவீர்கள்.

சவுண்ட்காரத் தம்பியிடம் ஒரு சின்னப் பெட்டியை உங்கள் பக்கம் திருப்பி, மைக்கின் பின்புறம் அதை நோக்கும்படி வைத்து, மெல்லிய சத்தத்தில் விடச் சொல்லுங்கள். மைக்கை வாய்க்கு இரண்டு விரல் தூரத்தில், சற்றே ஓரமாகப் பிடியுங்கள். நேரே பிடித்தால் 'ப' வரும் இடமெல்லாம் வெடிக்கும். நாலு விரலில் இருந்து இரண்டு விரலுக்கு வந்தாலே மைக்கிற்குப் போகும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். அதே அளவைக் கத்திக் கூட்டுவதென்றால் தொண்டைதான் விலை கொடுக்கும். பெண்குரலில் குரல் நாண்கள் நொடிக்கு 200 தடவை அளவில் ஒன்றோடொன்று மோதுகின்றன. கத்தும்போது மோதல் பலமாகி அவை வீங்கும். மூன்று மணிக் கரகரப்பு அந்த வீக்கம்தான்.

தண்ணீர் பற்றி ஒன்று. நீங்கள் குடிப்பது குரல் நாணைத் தொடுவதே இல்லை, உணவுக்குழாய் வழியாக இரைப்பைக்குப் போய்விடுகிறது. உடம்பில் ஊறித்தான் அங்கே ஈரம் சேர வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். ஆகவே ஒரு மணிப் போட்டிக்கு முந்தின இரவே குடிக்கத் தொடங்குங்கள். மதியத்துக்குள் சிறுநீர் வெளிறிய நிறமாக இருந்தால் சரி. மைதானத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சில மிடறு போதும். அந்த வெயிலில் வியர்ப்பதைப் பொறுத்துக் கூட்டிக்கொள்ளுங்கள். மெந்தோல் மிட்டாய் வேண்டாம், நோவை மறைத்து மேலும் கத்த வைக்கும். தொண்டையைச் செருமவும் வேண்டாம், ஒரு மிடறு விழுங்குங்கள்.

பன்னிரண்டரைக்கு வகுப்பறைக்குள் போய்க் குரலைச் சூடாக்குங்கள். அரைப் போத்தல் தண்ணீருக்குள் ஒரு ஸ்ட்ரோவை இரண்டு விரல் ஆழத்துக்கு விட்டு, 'ஊ' என்று ஒலித்தபடி ஊதுங்கள். வெறும் காற்று அல்ல, குரலும் வரவேண்டும். தண்ணீரின் எதிர் அழுத்தம் நாண்களைச் சற்றே விலக்கி வைப்பதால் மோதல் மெதுவாகிறது. குமிழி விட்டு விட்டு வந்தால் மூச்சைத் தள்ளுகிறீர்கள், சீராக வந்தால் சரி. கீழ்க் குரலில் இருந்து மேல் குரலுக்கு வழுக்கிக் கொண்டு போய்த் திரும்புங்கள். ஐந்து நிமிடம் போதும். பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அணிநடை முடிந்து ஓட்டங்கள் தொடங்கும் இடைவெளியில் இரண்டு நிமிடம் திரும்பச் செய்யுங்கள்.

அதே நேரத்தில் ஒரு சோதனையும் உண்டு. தெரிந்த பாட்டின் ஒரு வரியை உயர்ந்த சுருதியில், மிக மெல்லிய குரலில் பாடிப் பாருங்கள். காலையில் வந்தது இப்போது உடைந்தாலோ காற்று மட்டும் வந்தாலோ வீக்கம் தொடங்கிவிட்டது. உடனே முடிவுகள் வாசிப்பதை உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் பரிசளிப்புக்கு மட்டும் வாருங்கள். அந்த இடைவெளியில் கிசுகிசுக்கவும் கூடாது, அதுவும் தொண்டையை இறுக்கும்.

கரண்ட் போனால் கூட்டத்தோடு போட்டி போடாதீர்கள். விசில் அடித்து அமைதி வரும்வரை காத்திருங்கள். பிறகு காற்று உங்கள் முதுகுப் பக்கம் இருந்து வீசும்படி நின்று, விலாவின் கீழ்ப்பகுதி விரிய மூச்சு எடுத்து, மூன்று நான்கு சொல்லுக்கு மேல் ஒரு மூச்சில் சொல்லாமல், நெடிலை நன்றாக நீட்டுங்கள். "நூறு மீற்றர்" என்றால் 'நூ'வும் 'மீ'யும்தான் தூரம் போகும். சுருதியை ஏற்ற வேண்டாம். ஒலி மூக்கின் மேலும் பல்லின் பின்னும் அதிர்வதை உணர்ந்தால் சரியாகச் செய்கிறீர்கள், கழுத்து நரம்பு புடைத்தால் கத்துகிறீர்கள்.

போட்டி முடிந்து மூன்று கிழமை கடந்தும் கரகரப்பு மாறாவிட்டால் இதெல்லாம் உதவாது. காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் போய், கமெரா விட்டுக் குரல் நாணைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆசிரியர்களுக்கு நாணில் முடிச்சு வருவது அரிதல்ல, பலருக்கும் குரல் பயிற்சியாலேயே சுகமாகிறது.