நுனியில் மட்டும் ஏன் சாயம் வெளுக்கிறது?

கேள்வி: காப்பர் பிரவுன் போட்டு இரண்டு வாரம்தான் ஆகிறது. வேர்ப்பக்கம் நன்றாக இருக்கிறது, காதுக்குக் கீழே மஞ்சளாகிவிட்டது. சாயம் மட்டமானதா? போன வருடம் ஹைலைட்ஸ் போட்டிருந்தேன். (அல்சூர், பெங்களூரு)

பதில்: காரணத்தை உங்கள் கடைசி வரியிலேயே சொல்லிவிட்டீர்கள். ஹைலைட்ஸுக்குப் போட்ட ப்ளீச் முடியின் மேல்செதில்களை உடைத்துத் திறந்துவிடும், உள்ளே இருந்த இயற்கை நிறத்தையும் எடுத்துவிடும். அப்படிப்பட்ட போரஸ் முடிக்குள் சாயம் சட்டென்று நுழையும். ஒவ்வொரு முறை தலை குளிக்கும்போதும் தண்ணீர் உள்ளே போய் முடியை உப்ப வைக்கும். சாயம் அதே வழியில் கசிந்து வெளியேறும். வேர்ப்பக்கம் புதிதாக வளர்ந்த முடி, அதன் செதில் மூடியிருக்கிறது.

அடுத்த முறை நுனிக்கு மட்டும், நிரந்தரச் சாயத்தைவிடக் குறைந்த நாள் நிற்கும் அமோனியா இல்லாத டெமி சாயத்தில் காப்பர்-கோல்டு நிறத்தை முதலில் போட்டு, ஏறியதும் ஒற்றி எடுத்துவிட்டு, அதன்மேல் காப்பர் பிரவுன் போடுங்கள். எவ்வளவு நேரம் வைப்பது என்பதை ஒரு கொத்தில் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: டம்ளர் தண்ணீரில் முடியைப் போட்டால் மிதந்தது. அப்படியானால் போரஸ் இல்லைதானே?

பதில்: இந்த டம்ளர் சோதனையை தயவுசெய்து விட்டுவிடுங்கள். முடியின் அடர்த்தி தண்ணீரைப் போல சுமார் 1.3 மடங்கு. முழுக்க நனைந்தால் எந்த முடியும் மூழ்கத்தான் செய்யும். மிதப்பதற்குக் காரணம் எண்ணெய்ப் பிசுக்கு, சீரம், ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழி, நீரின் மேற்பரப்பு இழுவிசை. நேற்று தேங்காயெண்ணெய் தடவியிருந்தால் ப்ளீச் செய்த முடிகூட மிதக்கும். அதை நம்பி நுனிக்கும் வேருக்கும் ஒரே நேரத்தில் சாயம் போடுகிறார்கள். நுனி முதலில் கருத்துப்போகிறது, சில வாரத்தில் வெளுக்கிறது.

சரியான முறை இது. ஷாம்பு மட்டும் போட்டு அலசுங்கள், கண்டிஷனர் வேண்டாம். முழுக்கக் காய்ந்தபின் வேர், நடு, நுனி மூன்று இடத்திலும் தண்ணீரை ஸ்ப்ரே செய்யுங்கள். துளி முத்தாக நின்றால் செதில் மூடியிருக்கிறது. உடனே உறிஞ்சி முடி கறுத்தால் போரஸ். அடுத்து ஒரு முடியை நுனியிலிருந்து வேர் நோக்கி விரலால் உருவுங்கள். சொரசொரவென்று தடுத்தால் செதில் தூக்கியிருக்கிறது. கடைசியாக, பிடரிப்பக்கம் உள்ளே ஒரு மெல்லிய கொத்தில் வேர் முதல் நுனி வரை சாயம் போட்டு, 10 நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் துடைத்துப் பாருங்கள். அலசி, மூன்று நான்கு முறை ஷாம்பு போட்டபின் வேரும் நுனியும் எப்படி நிற்கின்றன என்று ஒப்பிடுங்கள். சாயம் நிற்குமா என்று உறுதியாகச் சொல்வது இந்தக் கொத்து ஒன்றுதான்.

கேள்வி: எங்கள் அபார்ட்மெண்டில் டேங்கர் தண்ணீர். முடி எல்லா இடத்திலும் சொரசொரக்கிறது. (வைட்ஃபீல்டு)

பதில்: உப்புப் படிந்தாலும் அப்படித்தான் இருக்கும், விரல் ஏமாந்துவிடும். உப்பு நீக்கும் கிலேட்டிங் ஷாம்பு ஒருமுறை போட்டு அலசிவிட்டு மறுபடி சோதியுங்கள். வேர்ப்பக்கம் வழுவழுப்பானால் உப்புதான் காரணம்.

கேள்வி: டை நிக்கவே இல்லை. என்ன பண்ணலாம்?

பதில்: எந்தச் சாயம், எத்தனை வால்யூம் டெவலப்பர், முன்பு ப்ளீச்சோ ஸ்ட்ரெயிட்டனிங்கோ செய்தீர்களா, எதுவுமே எழுதவில்லை. இவற்றோடு மறுபடி எழுதுங்கள். அதற்குள் பிடரியில் ஒரு கொத்தில் போட்டுப் பார்த்து, அது எப்படி வெளுத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.