இல்லாத மிச்சத்தில் பாதிப் பங்கு

கேள்வி: திருப்பூரில் 18 மெஷின் போட்டு கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க்காகத் தைத்துக் கொடுக்கும் பவர்டேபிள் யூனிட் நடத்துகிறேன். ஃப்ளோரைப் பார்த்துக்கொள்வது என் மச்சினன். மாதம் 20,000 பீஸுக்கு 5 லட்சம் செலவு என்று பட்ஜெட். அதற்குக் கீழே செலவைக் கொண்டுவந்தால் மிச்சத்தில் பாதி அவருக்கு என்று மாமனார் முன்னிலையில் பேசினோம். போன மாதம் 16,000 பீஸ்தான் ஓடியது, செலவு 4,55,000. மிச்சம் 45,000 என்று சொல்லி 22,500 கேட்கிறார். இதற்கு முந்தைய இரண்டு மாதமும் மனைவி நகையை அடகு வைத்துத்தான் கொடுத்தேன், அந்தக் கடனே 40,000 நிற்கிறது. செலவு குறைந்தும் ஏன் கையில் பணம் இல்லை? பச்சை, சிவப்பு காட்டும் சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இந்த மாதம் நகையை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்குப் போகாதீர்கள். உங்கள் மச்சினன் 45,000 மிச்சப்படுத்தவில்லை. 35,000 கூடுதலாகச் செலவு செய்திருக்கிறார். நீங்கள் அனுப்பிய தாளிலேயே அது இருக்கிறது.

20,000 பீஸுக்குப் போட்ட பட்ஜெட்டை 16,000 பீஸ் ஓடிய மாதத்தின் செலவோடு ஒப்பிடுகிறீர்கள். வேலை குறைந்தால் கூலியும் நூலும் தானாகவே குறையும். அதற்கு யாரும் திறமை காட்டத் தேவையில்லை. 16,000 பீஸுக்கு எவ்வளவு ஆகியிருக்க வேண்டும் என்று பட்ஜெட்டை முதலில் மாற்றி எழுத வேண்டும். இதைத்தான் ஃப்ளெக்ஸ்டு பட்ஜெட், நெகிழ் பட்ஜெட் என்கிறோம். நடந்த செலவை அதன் பக்கத்தில்தான் வைத்துப் பார்க்க வேண்டும்.

எழுதிப் பார்ப்போம். உங்கள் பட்ஜெட்டில் தையல் கூலி பீஸுக்கு 14 ரூபாய், நூல், ஊசி வகையறா 2 ரூபாய், செக்கிங், அயர்னிங், பேக்கிங் 3 ரூபாய். 16,000 பீஸுக்கு இவை 2,24,000, 32,000, 48,000 ஆகின்றன. வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், மெஷின் கடன் வட்டி மூன்றும் சேர்ந்து 90,000. பீஸ் குறைந்தாலும் இது குறையாது.

கரண்ட் பில்தான் இரண்டுங்கெட்டான். ஒரு பகுதி மெஷின் ஓடாவிட்டாலும் வரும், இன்னொரு பகுதி ஓட்டத்தோடு ஏறும். பழைய கணக்கில் அதிகம் ஓடிய மாதம் 24,000 பீஸ், பில் 34,000. குறைவாக ஓடியது 14,000 பீஸ், பில் 24,000. 10,000 பீஸ் வித்தியாசத்துக்கு 10,000 ரூபாய், அதாவது பீஸுக்கு 1 ரூபாய். 14,000 பீஸுக்கு 14,000 போக, மீதி 10,000 நிலையான செலவு. இரண்டு மாதத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பீஸ் எண்ணிக்கையைப் பாருங்கள், பில் தொகையைப் பார்க்காதீர்கள். நடுவில் கட்டண விகிதம் மாறியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. ஆக 16,000 பீஸுக்குக் கரண்ட் 26,000.

எல்லாம் கூட்டினால் 4,20,000. நடந்தது 4,55,000.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மொத்த 5 லட்சத்தையும் 20-க்கு 16 என்று விகிதம் போட்டு 4 லட்சம் என்று எழுதிவிடுவார்கள். அப்படிச் செய்தால் 55,000 அதிகம் என்று வரும். அது உங்கள் மச்சினனுக்கு அநியாயம். ஓட்டம் குறைந்தது என்று கட்டடக்காரர் வாடகையைக் குறைத்துக்கொள்வாரா?

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பீஸுக்கு 30 ரூபாய் வாங்குகிறீர்கள். 20,000 பீஸ் ஓடியிருந்தால் ஒரு லட்சம் லாபம் நின்றிருக்கும். வந்தது 4,80,000, செலவு 4,55,000, நின்றது 25,000. காணாமல் போன 75,000-ல் 40,000 ஆர்டர் குறைந்ததால் போனது. 30 ரூபாயில் கூலி, நூல், பேக்கிங், கரண்ட் என்று 20 போக, ஓடாத 4,000 பீஸில் பீஸுக்கு 10 ரூபாய் வீதம் நின்றிருக்க வேண்டிய பணம் அது. மீதி 35,000 ஃப்ளோரில் போனது. இந்த 25,000-ல் 22,500-ஐத் தூக்கிக் கொடுத்தால் உங்களுக்கு 2,500 மிஞ்சும். மெஷின் கடனின் அசல் தவணை அதற்கு மேல் நிற்கிறது. நகை ஏன் அடகுக்குப் போகிறது என்பது இப்போது தெரிகிறதா?

ஆனால் அந்த 35,000-ஐ அப்படியே அவர் தலையில் கட்டிவிடாதீர்கள். நிலையான செலவில் ஏறிய 2,000 வாடகை உயர்வு, அதற்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. நூலில் 3,000, பேக்கிங்கில் 6,000, கரண்டில் 2,000 ஏறியிருக்கிறது. பெரிய தொகை தையல் கூலி. 2,24,000 ஆகவேண்டிய இடத்தில் 2,46,000. பீஸ் ரேட் அதே 14 ரூபாயாக இருக்கும்போது இந்த 22,000 எங்கிருந்து வந்தது? இரண்டு இடங்களைப் பார்க்கச் சொல்வேன். செக்கிங்கில் திரும்பிய பீஸைப் பிரித்துத் தைக்க மறுபடி கூலி கொடுத்தாரா? கட்டிங் பீஸ் வராமல் டெய்லர்கள் சும்மா உட்கார்ந்த நாளுக்கு ஷிஃப்ட் சம்பளம் போட்டாரா? பிரித்துத் தைத்த ஆல்டர் வேலை என்றால் ஃப்ளோரின் பிழை. காத்திருப்பு என்றால் கட்டிங் பீஸோடு வந்த டெலிவரி சலானின் தேதியைப் பாருங்கள். கம்பெனி தாமதமாக அனுப்பியிருந்தால் அதை நீங்கள் அவர்களிடம்தான் பேச வேண்டும், மச்சினனிடம் அல்ல.

அவர் ஒன்று சொல்லக்கூடும்: “26 நாளும் ஷிஃப்ட் ஓடியது, அதற்கான செலவுதான் இது.” ஓடிய ஷிஃப்டை வைத்துப் பட்ஜெட்டை மாற்றினால் வீணான நேரமும் பட்ஜெட்டுக்குள் புகுந்து மறைந்துவிடும். செக்கிங்கில் பாஸாகிக் கம்பெனிக்குப் போன பீஸை மட்டும் எண்ணுங்கள். சாதாரண டி-ஷர்ட்டோடு காலர் வைத்த போலோவும் தைத்தால் பீஸ் எண்ணிக்கை போதாது. இரண்டுக்கும் தனித்தனிக் கூலி போட்டுத் தனித்தனியாகப் பெருக்கிக் கூட்டுங்கள். 24,000 பீஸைத் தாண்டும் மாதத்துக்கும் இந்தத் தாள் உதவாது. இரண்டாவது ஷிஃப்ட், இன்னொரு சூப்பர்வைசர் என்று அந்த 90,000-மே ஒரு படி ஏறிவிடும்.

சாஃப்ட்வேர் வேண்டாம். இந்தப் பச்சை, சிவப்பு விளக்குகளைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. 20,000 பீஸ் பட்ஜெட்டை உள்ளே போட்டால் போன மாதம் அது பச்சைதான் காட்டியிருக்கும். உங்களுக்கு வேண்டியது ஒரு பக்கத் தாள்: பீஸ் எண்ணிக்கை, ஆகவேண்டிய செலவு, ஆன செலவு, வித்தியாசம்.

மாமனார் முன்னிலையில் பேசியதை அவர் முன்னிலையிலேயே மாற்றுங்கள். பங்கு கொடுப்பது தவறில்லை, அளவுகோல்தான் தவறு. கூலி, நூல், பேக்கிங், கரண்ட் நான்கும்தான் மச்சினன் கையில் இருக்கின்றன. 16,000 பீஸுக்கு அவை 3,30,000 ஆகவேண்டும், ஆனது 3,63,000. அதனால் இந்த மாதம் பங்கு இல்லை. 3,20,000-ல் முடித்திருந்தால் 5,000 அவருக்குச் சேர வேண்டும், அதை அன்றே கொடுங்கள். அதிக ஆர்டர் வரும் மாதத்தில் இதே தாள் அவருக்குத் துணை நிற்கும். 23,000 பீஸ் ஓடினால் 5,60,000 வரை ஆகலாம், அப்போது 5 லட்சத்தைத் தாண்டிவிட்டார் என்று நீங்கள் குறை சொல்ல முடியாது. இதை மாமனாரிடம் முதலில் சொல்லுங்கள்.

ஏற்கெனவே கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள். நீங்களும் சேர்ந்து ஒப்புக்கொண்ட கணக்கு அது. போன மாதம் நின்ற 25,000-ல் மெஷின் தவணை போக மீதியை நகைக்கடன் அசலில் கட்டுங்கள்.