ரீலில் 600 ரூபாய், நாற்காலியில் 1,850 ரூபாய்

கேள்வி: அனுராதபுரச் சந்திக்குப் பக்கத்தில் சிறிய சலூன் நடத்துகிறேன் ஐயா. ரீல் ஒன்றுக்குக் கதைவசனம் எழுதிப் படம்பிடித்துத் தருவதாக ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். அவர் எழுதித் தந்ததை இணைத்திருக்கிறேன். கடைசியில் "கட்டுப்படியான விலை, இன்றே அழையுங்கள்" என்று வருகிறது. கொடுக்கலாமா?

பதில்: இந்தக் கதைவசனத்துக்குக் கொடுக்காதீர்கள் தம்பி. "கட்டுப்படியான விலை" என்பது விலை இல்லை. மாதம் 30,000 ரூபாய் எடுக்கும் பையனுக்கும் வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்தவருக்கும் கட்டுப்படி ஒன்றா? இதைவிட மோசமானது "500 ரூபாயிலிருந்து" என்று எழுதுவது. சின்னப் பிள்ளைக்கு மெஷின் போடும் விலையை எழுதிவிட்டு, படத்தில் மட்டும் பக்கம் இறக்கி, தாடி வரைந்து, தலை கழுவி உலர்த்திய இளைஞனைக் காட்டுவார்கள். பார்ப்பவன் அந்தத் தலைக்கு அந்த விலை என்றுதான் நினைப்பான். நினைக்க வைப்பதற்காகத்தானே இரண்டையும் பக்கத்தில் வைத்தார்கள்.

எனக்கும் இது நடந்தது. கோயில் திருவிழாவுக்கு முதல் நாள், ஒரு ரீலில் 600 ரூபாய் என்று பார்த்துவிட்டு அக்காவின் மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். வெட்டு 600, தலை கழுவ 250, உலர்த்த 300, மெழுகு 200, தாடிக்கு 500. மொத்தம் 1,850 ரூபாய். ஒவ்வொன்றையும் "செய்யட்டுமா தம்பி?" என்று பையனிடம்தான் கேட்டார்கள். விலையை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பையன் முகம் சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை. அதனால் சொல்கிறேன்: ரீலில் எந்தத் தலையைக் காட்டுகிறீர்களோ, அந்தத் தலைக்கு ஆன முழுத் தொகையைத்தான் எழுத வேண்டும்.

உங்கள் கடையில் வெட்டு 600, தாடி 300, தலை கழுவுதல் 200 என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்தே 22 விநாடிக்கு ஒன்று சொல்கிறேன், கைத்தொலைபேசி போதும்.

முதல் மூன்று விநாடி பழைய தலை. முன்னால், பக்கவாட்டில், பின்னால். முடி உலர்ந்திருக்க வேண்டும். தலையை நனைத்து ஒட்டவைத்து, குனியச் சொல்லி, இருட்டில் எடுத்துவிட்டு, பிறகு வெளிச்சத்தில் நிமிரச் சொல்வது பழைய தந்திரம். அடுத்த இரண்டு விநாடி, வாடிக்கையாளர் தன் வாயால் சொல்வது: "பக்கம் குறையுங்கள், மேலே இருக்கட்டும்." அதை எழுத்திலும் போடுங்கள், பஸ்ஸில் பலர் சத்தமில்லாமல்தான் பார்ப்பார்கள்.

பிறகு எட்டு விநாடிக்குள் ஏழு துண்டுகள். தலையில் நுரை. போர்வைத் துணியை உதறிக் கட்டுவது. இரண்டாம் நம்பர் சீப்புப் போட்ட மெஷின் பக்கத்தில் ஏறுவது. அது ஆறு மில்லிமீற்றர் அளவுக்கு முடியை விடும். பிடரியில் ஒன்றாம் நம்பர், மூன்று மில்லிமீற்றர். இரண்டுக்கும் நடுவில் விழும் கோட்டைச் சீப்பின் மேல் மெஷினை ஓட்டி அழிப்பது. மேலே கத்திரிக்கோல். கடைசியில் புதிய பிளேட்டின் உறையைக் கிழித்துத் தாடி ஓரத்தை வரைவது. அந்தக் கோடு அழிகிற துண்டுக்கு மட்டும் இரண்டு விநாடி கொடுங்கள், மற்றவை ஒவ்வொன்றும் ஒரு விநாடி. உங்கள் கை தெரிவது அங்கேதான். ஒரு துண்டில் கை எந்தப் பக்கம் நகர்ந்து முடிகிறதோ, அடுத்த துண்டு அதே பக்கமாகத் தொடங்கினால் கண் தடுக்காது. வேகமாக வெட்டி ஒட்டலாம், ஆனால் செய்த வேலை எதையும் விட்டுவிடாதீர்கள். நிறம் பூசியதையோ முடியை நேராக்கியதையோ ஒளித்த ரீல், விலையையும் ஒளித்த ரீல்தான். மூலையில் "35 நிமிடம்" என்று உண்மையான நேரத்தையும் எழுதுங்கள்.

அடுத்த நான்கு விநாடி புதிய தலை, அதே மூன்று பக்கங்கள், பின்தலை கட்டாயம். நாற்காலியும் வெளிச்சமும் மாறக்கூடாது. தொலைபேசி நின்ற இடத்தில் தரையில் ஒரு ஒட்டுநாடா ஒட்டுங்கள். திரையை அழுத்திப் பிடித்தால் பல தொலைபேசிகளில் வெளிச்ச அளவு பூட்டிக்கொள்ளும். உங்கள் கடையில் குழல் விளக்கு என்றால் படத்தில் பட்டை பட்டையாக ஓடலாம். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு நூறு தடவை துடிக்கிறது, தொலைபேசியோ வழக்கமாக விநாடிக்கு 30 படம் எடுக்கிறது, இரண்டும் ஒத்துப்போவதில்லை. 25 படத்துக்கு மாற்ற வழி இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் காலையில் கதவோர நாற்காலியில் எடுங்கள்.

கடைசி ஐந்து விநாடி விலை. "வெட்டு 600. தாடி 300. தலை கழுவுதல் 200. இந்தத் தலைக்கு மொத்தம் 1,100 ரூபாய்." அதன் கீழே கடை இருக்கும் இடம். திரையின் நடுவில் எழுதுங்கள். கீழ்ப்பக்கத்தைத் தலைப்பு வரியும் வலது ஓரத்தைப் பொத்தான்களும் மறைத்துவிடும். எழுதியதை உங்கள் அம்மாவிடம் கொடுத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அவர் முடிப்பதற்குள் படம் மறைந்தால் இன்னும் இரண்டு விநாடி கூட்டுங்கள். விலை ஏறும் நாளில் பழைய ரீலை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ரீலில் 500 ரூபாய் என்று காட்டினார்கள். முடிந்ததும் 1,200 கேட்டார்கள். "அது பழைய விலை" என்கிறார்கள். ரீல் இன்னும் அப்படியே இருக்கிறது. (உப்புவெளி)

பதில்: உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. இன்றைக்கே அந்த ரீலைத் திகதி தெரியும்படி திரைப்பதிவு செய்துவையுங்கள், நாளை அது காணாமல் போகலாம். கடைக்குப் போய் 1,200 ரூபாய்க்குப் பற்றுச்சீட்டு கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் போன நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நுகர்வோரைப் பிழையாக வழிநடத்தும் நடத்தையை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடுக்கிறது. அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லிவிட்டு, எழுத்திலும் முறைப்பாடு கொடுங்கள். மூன்று மாதத்தைக் கடக்க விடாதீர்கள். 700 ரூபாய்க்காக இவ்வளவா என்று யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள். அது உங்கள் பணம்.

கேள்வி: ரீலில் பார்த்த வெட்டைக் கேட்டு வெட்டினேன். எனக்கு நடு உச்சியில் முடி குறைவு, அதனால் அப்படி வரவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: முடியாது.

கேள்வி: விலை கேட்க வெட்கமாக இருந்தது, கேட்காமலே உட்கார்ந்துவிட்டேன். சுவரில் விலைப்பட்டியல் இருந்ததை வெளியே வரும்போதுதான் பார்த்தேன். 900 ரூபாய் அதிகம்தானே?

பதில்: பட்டியலிலும் 900 என்றுதானே இருந்தது? கடைக்காரர் தன் கடமையைச் செய்துவிட்டார். மீன் சந்தையில் பாரைக்கு மூன்று பேரிடம் விலை கேட்காமல் நகராத ஊர் நம்முடையது, சலூனில் மட்டும் என்ன வெட்கம்? துணியைக் கழுத்தில் கட்டுவதற்கு முன் கேளுங்கள்.

கேள்வி: ரீல் பார்த்து முடிவெட்டும் மெஷின் ஒன்றை 3,500 ரூபாய்க்கு வரவழைத்தேன். சீப்பின் பல் மூன்றாம் தடவையே உடைந்துவிட்டது.

பதில்: நானும் அப்படி ஒன்று வாங்கினேன், இரண்டு கிழமையில் பல் போனது. பெட்டியையும் பணம் கொடுத்த சீட்டையும் எறியாமல் வைத்திருந்தால் விற்றவரிடம் மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். அதுவரை உடைந்த சீப்போடு யார் தலையிலும் வைக்காதீர்கள். பல் இல்லாத இடத்தில் அலகு தோலோடு போய்விடும், பக்கத்தில் வெள்ளைக் குழி விழும்.